நைட்டு ஷட்டர் இறக்குறதுக்கு முன்னாடி: கல்லா, சரக்கு, நாளைக்கு வேலை – அடிக்கடி கேக்குற கேள்விகள்

பில் மெஷின் கிடையாது, வாய்க்கணக்கு சொல்லி காசு வாங்குற கடை. நைட்டு கல்லாவ எண்ணி எனக்கு என்ன தெரியப் போகுது?

அன்னைக்கு எவ்வளவு ஓடுச்சுன்னு தெரியும், அவ்வளவுதான். காசு குறையுதான்னு கல்லா சொல்லாது. நான் தங்கச்சிமடத்துல சின்ன மளிகைக்கடை வச்சிருக்கேன், முதல் ரெண்டு வருஷம் இது புரியாமலே தினமும் எண்ணி எண்ணி நோட்டுல எழுதிட்டு நிம்மதியா தூங்கப் போனேன். பில் போடுற கடையில மெஷின் ஒரு நம்பர் சொல்லும், கல்லாவுல இருக்குறது அதோட ஒத்து வரணும், வரலன்னா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். நம்மகிட்ட அந்த நம்பரே கிடையாது, எண்ணுன காசுலருந்துதான் வியாபாரத்தையே கண்டுபிடிக்கிறோம். அப்போ ஒருத்தர் கல்லாவுலருந்து 200 எடுத்துட்டுப் போனாலும் "இன்னைக்கு 200 ரூபா வியாபாரம் கம்மி" அப்படின்னுதான் கணக்கு காட்டும். கடன் எழுத மறந்தா அதுவும் தெரியாது, ஏன்னா அந்தக் காசு கல்லாவுக்கு வரவே இல்லயே.

அதனால கல்லா, கடன் நோட்டு, ஒரு அஞ்சு சரக்கோட எண்ணிக்கை, இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் ஓட்டை எங்கன்னு கண்ணுக்குப் படும். எனக்கு மொத்தமா 25 நிமிஷம் ஆகும்.

எந்த நேரத்துல எண்ணணும் அண்ணே? எண்ணிக்கிட்டு இருக்கும்போதே ஆள் வந்துர்றாங்க.

வருவாங்க, அதுவும் ஒன்பதரைக்கு மேல கொசுவத்தி, தீப்பெட்டி, பால் இல்லாம யாரும் இருக்க மாட்டாங்க. நான் பாதி ஷட்டர் இறக்கிட்டு ஒரு சின்ன டப்பாவுல தனியா 200 ரூபா சில்லறை எடுத்து வச்சுருவேன், எண்ண ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வர்ற வியாபாரம் எல்லாம் அந்த டப்பாவுல, அது நாளைக்குக் கணக்கு. ஆனா எண்ணும்போது அந்த 200-ஐயும் சேர்த்து எழுதிரணும், இல்லன்னா தினமும் 200 காணோம்னு தேடிக்கிட்டு இருப்பீங்க.

எண்றதுக்கு முன்னாடி நம்ம ஊருல ஒரு வேலை இருக்கு. கடலுக்குப் போய்ட்டு வந்தவங்க இடுப்புலருந்து எடுத்துக் குடுக்குற நோட்டு உப்புத்தண்ணில நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டு 100 ஒண்ணா எண்ணிருவோம். அந்த ஈர நோட்ட எட்டு மணிக்கே எடுத்து அரிசி மூட்டை மேல பரப்பிப் போட்டுருங்க, ஃபேன் காத்துல காஞ்சிரும். அப்புறம் இன்னொண்ணு, புது 20-ம் 200-ம் மஞ்ச பல்பு வெளிச்சத்துல ஒரே மாதிரி தெரியுது. எங்க கடையில ஒரு தடவ 20 கட்டுக்குள்ள ரெண்டு 200 உக்காந்திருந்துச்சு, மூணு நாள் கழிச்சு சில்லறை குடுக்கும்போதுதான் பார்த்தேன். அதுக்கு முன்னாடியே வேற 200 ஏதாவது 20-ன்னு யாருக்கும் போயிருச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் கணக்க முழுசாப் போட்டுக் காட்டுங்களேன், எங்க கூட்டணும் எங்க கழிக்கணும்னே குழப்பமா இருக்கு.

சரி, நடுத்தரமான ஒரு நாள் எடுத்துக்குவோம். காலையில கல்லாவுல வச்ச சில்லறை 1,500. நைட்டு எண்ணுனது இப்படி: 500 ஒன்பது, 200 நாலு, 100 பதினேழு, 50 பன்னெண்டு, 20 பதினாலு, 10 இருபத்திரெண்டு, காசா 165. எல்லாம் கூட்டுனா 8,265.

ஆனா பகல்ல கல்லாவுலருந்து காசு வெளிய போயிருக்குல்ல. பிஸ்கட் ஏஜென்சி வண்டிக்கு 2,340, தேங்காய்க்காரருக்கு 450, மூட்டை இறக்குனவருக்கும் டீக்கும் 80, வீட்டுக்கு மீன் வாங்க எடுத்தது 300. மொத்தம் 3,170. இது வித்த காசுதான், செலவாயிருச்சு, அதனால திரும்பக் கூட்டணும். 8,265-ம் 3,170-ம் சேர்த்தா 11,435. இதுல காலையில நாமளே வச்ச 1,500-ஐக் கழி, பழைய கடன் வசூலாகி கேஷா வந்த 1,200-ஐயும் கழி (அது என்னைக்கோ வித்தது, இன்னைக்கு வியாபாரம் கிடையாது), மிச்சம் 8,735. இதுதான் அன்னைக்கு கேஷ் வியாபாரம்.

ஃபோன்ல வந்தது 4,610. அதுல 600 பழைய பாக்கி, கழிச்சா 4,010. கடன் நோட்டுல இன்னைக்குத் தேதியில புதுசா எழுதுனது 1,850. மூணையும் கூட்டுங்க, 14,595. நோட்டுல இந்தக் கடைசி நம்பர் மட்டும் எழுதாம மூணையும் தனித்தனியா எழுதுங்க. எனக்கு மொத்த வியாபாரத்த விட அந்த 1,850 தான் முக்கியம், ஏன்னா அது வாரம் பூரா ஏறிக்கிட்டே போச்சுன்னா வியாபாரம் நல்லா இருக்குற மாதிரி தெரியும், ஆனா ஏஜென்சிக்குக் குடுக்க கையில காசு இருக்காது.

"500 ஜிபே பண்றேன், கேஷா குடுங்க"ன்னு கேக்குறாங்க, குடுத்தா கணக்கு இடிக்குது.

மொத்தத்துல இடிக்காது, பிரிச்சுப் பார்க்கும்போது தான் இடிக்கும். மேல சொன்ன நாள்லயே அப்படி ஒரு 500 குடுத்துட்டு எழுத மறந்துட்டீங்கன்னு வைங்க, கேஷ் வியாபாரம் 500 கம்மியாத் தெரியும், ஃபோன் வியாபாரம் 500 கூடத் தெரியும், கூட்டுனா அதே 14,595 தான் வரும். ஆனா கேஷ மட்டும் பார்த்துட்டு "ஐநூறு குறையுதே, மத்தியானம் யாரு இருந்தா"ன்னு வீட்டுல சண்டை வந்துரும். கல்லாவுக்குள்ளயே ஒரு துண்டு அட்டை போட்டு வைங்க, காசு எதுக்கு வெளிய போனாலும், பத்து ரூபா டீயா இருந்தாலும், நோட்ட எடுத்த கையோட அதுல எழுதிரணும். நைட்டு ஞாபகப்படுத்தி எழுதுற கணக்கு பாதிக் கற்பனை.

ஸ்கிரீன்ஷாட்டக் காட்டிட்டுப் போயிர்றாங்க, நைட்டு பார்த்தா காசே ஏறல. என்ன பண்றது?

ஸ்கிரீன்ஷாட்ட நம்பாதீங்க, நேத்து எடுத்ததயும் காட்டலாம், பணம் அனுப்புன மாதிரியே படம் காட்டுற போலி ஆப்பும் சுத்திக்கிட்டு இருக்கு. உங்க ஆப்புல ஏறியிருக்கணும், இல்ல ஸ்பீக்கர் பாக்ஸ் சொல்லியிருக்கணும். நெட் தகராறு பண்ற நேரத்துல பாக்ஸ் கம்முன்னு இருக்கும், அப்போ தெரிஞ்ச ஆளா இருந்தா பேரும் தொகையும் அந்தத் துண்டு அட்டையில எழுதிக்கங்க. நைட்டு ஆப்புல இன்னைக்குத் தேதிய மட்டும் எடுத்து மேலருந்து கீழ வரைக்கும் ஒரு தடவ விரல் வச்சு ஓட்டுங்க, அட்டையில எழுதுன பேரு லிஸ்ட்ல வந்துருச்சுன்னா அடிச்சுருங்க, வராதது நாளைக்குக் கேக்க வேண்டியது. கேக்கும்போது அவங்க ஃபோன்ல இருக்குற 12 இலக்க யுடிஆர் நம்பர வாங்கிப் பாருங்க, பணம் நிஜமா வந்திருந்தா அதே நம்பர் உங்க பக்கமும் இருக்கும்.

ஸ்டாக் எல்லாத்தையும் தினமும் எண்ண முடியுமா? கடையில நூத்துக்கணக்குல ஐட்டம் இருக்கு.

முடியாது, எண்ணவும் வேண்டாம். அஞ்சே அஞ்சு ஐட்டம் எடுத்துக்கங்க. வேகமா போகணும், எண்றதுக்கு லேசா இருக்கணும், கை மறதியா வெளிய போறதா இருக்கணும். நான் எண்றது முட்டை, பால் பாக்கெட், ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட், டீத்தூள், பீடிக்கட்டு. சீனி, பருப்பு மாதிரி உதிரியா நிறுத்துக் குடுக்குறத நைட்டு எடை போட்டுக்கிட்டு இருக்காதீங்க, மூட்டை தீரும்போது எத்தனை கிலோ கிடைச்சுதுன்னு பார்த்தா போதும்.

இந்த அஞ்சுக்கும் கல்லாப் பக்கத்துல பழைய காலண்டர் தாள் ஒண்ணத் திருப்பி ஒட்டி வைங்க. காசு வாங்கிட்டுக் குடுத்தா மட்டும் ஒரு கோடு, அஞ்சாவது கோடு குறுக்க. கடனா குடுத்தா தாள்ல கோடு போடக்கூடாது, நேரா கடன் நோட்டுலதான். இந்தப் பழக்கம் வர ஒரு வாரம் ஆகும், மொத நாள் பாதி கோடு விட்டுப்போகும், பரவாயில்ல.

கோடு போட்டேன், எண்ணுனேன், ஒத்து வரல. இப்போ யாரச் சந்தேகப்படுறது?

ஆளச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி நோட்டச் சந்தேகப்படுங்க. எங்க கடையில நடந்த ஒரு முட்டைக் கணக்கச் சொல்றேன். காலையில 3 அட்டையும் 12-ம், அட்டைக்கு 30, அப்போ 102 முட்டை. பகல்ல 4 அட்டை இறக்குனேன், 120. மொத்தம் 222. நைட்டு இருந்தது 2 அட்டையும் 17-ம், அதாவது 77. அப்போ போனது 145. தாள்ல கோடு 131, உடைஞ்சது 2, கடன் நோட்டுல முட்டை ஒண்ணும் இல்ல, கூட்டுனா 133. 12 முட்டைக்குக் கணக்கு இல்ல.

12-ன்னு வந்த உடனே எனக்குப் பொறி தட்டுச்சு, ஏன்னா கைத்தப்பா போற முட்டை ஒண்ணு ரெண்டாத்தான் போகும், டஜன் கணக்குல போறதுன்னா யாரோ கேட்டு வாங்கியிருக்கணும். வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டேன். "சாயங்காலம் பரோட்டாக் கடைப் பையன் வந்தான்ல, அண்ணன்கிட்ட சொல்லிக்கிறேன்னு சொல்லிட்டு ஒரு டஜன் வாங்கிட்டுப் போனான், நீங்க அப்போ லோடு இறக்கிக்கிட்டு இருந்தீங்க"ன்னு சொன்னாங்க. அவங்க என்கிட்ட சொல்லணும்னு நெனச்சிருக்காங்க, நான் வந்ததும் மறந்துருச்சு. முட்டை 7 ரூபான்னு வச்சாலும் 84 ரூபா, அன்னைக்குக் கல்லாவ எத்தனை தடவ எண்ணியிருந்தாலும் அந்த 84 தெரிஞ்சிருக்காது.

எனக்குத் தெரிஞ்சு நம்ம பக்கத்துக் கடைங்கள்ல வித்தியாசம் வர்றது பெரும்பாலும் இப்படித்தான்: எழுதாத கடன், அடுத்தது வீட்டுக்கு எடுத்தது. சோப்பு, எண்ணெய், டீத்தூள் எல்லாம் "நம்ம கடைதானே"ன்னு எடுத்துட்டு யாரும் எழுத மாட்டோம், நானும்தான். கடன் நோட்டுல கடைசிப் பக்கத்த வீட்டுக்குன்னு ஒதுக்கி வாங்குன விலைக்கு எழுதிருங்க. இந்த ரெண்டையும் பார்த்ததுக்கு அப்புறமும் ஒரே ஐட்டம், ஒரே ஆள் இருக்குற நேரத்துல வாரத்துக்கு மூணு தடவ குறையுதுன்னா அப்போ பேசுங்க.

கடலுக்குப் போறவங்களுக்கு விடியக்காலம் கடன் குடுக்குறோம், அந்த அவசரத்துல எழுத முடியல.

இதுதான் நம்ம கரையில பெரிய ஓட்டை. விடியக்காலம் அஞ்சு பேர் ஒரே நேரத்துல நிப்பாங்க, அரிசி, டீத்தூள், சீனி, பிஸ்கட், பீடி, தண்ணி பாட்டில், எல்லாம் "எங்க போட்டு கணக்குல எழுதிக்கங்க மாமா"ன்னு சொல்லிட்டு ஓடுவாங்க. எந்தப் போட்டு, யாரு கணக்கு, நைட்டு வரைக்கும் மண்டையில நிக்காது.

நான் பண்றது, முந்தின நாள் நைட்டே, போட்டு போற நாளா இருந்தா, ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு பைல வழக்கமா எடுக்குறத கட்டி வச்சு மேல ஒரு சீட்டு ஒட்டிருவேன், ஐட்டம், தொகை, போட்டு பேர் மூணும் இருக்கும். காலையில பைய குடுக்கும்போது சீட்டக் கிழிச்சு ஆணியில குத்திருவேன், கூடுதலா ஏதாவது கேட்டா அந்தச் சீட்டுலயே ஒரு வரி. நைட்டு ஆணியில இருக்குற சீட்ட எண்ணி நோட்டுல ஏத்துனா முடிஞ்சுது. சீட்டு எட்டு, பை எட்டு, ஒத்து வரணும். எடுக்காம விட்ட பை இருந்தா அவிழ்த்து சரக்கத் திரும்ப அலமாரியில வச்சுருவேன்.

நாளைக்கு என்ன வாங்கணும்னு எப்படி முடிவு பண்றீங்க? எனக்கு எப்பவும் ஒண்ணு மிஞ்சுது, ஒண்ணு தீந்துருது.

ரெண்டு கேள்விய நானே கேட்டுக்குவேன். வண்டி திரும்ப எப்போ வரும், நாளைக்குப் போட்டு போகுதா.

முதல் கேள்விக்குச் சின்னக் கணக்கு. எண்ணெய் பாக்கெட் தினம் 8 போகுது, ஏஜென்சி வண்டி மூணு நாளைக்கு ஒரு தடவ வருது, அப்போ 24 வேணும். வண்டி ஒரு நாள் தள்ளி வந்தா சமாளிக்க இன்னொரு 8, மொத்தம் 32. அலமாரி ஓரத்துல சாக்பீஸால 32-ன்னு எழுதியிருக்கேன், வண்டி வந்துட்டுப் போன அன்னைக்கு நைட்டு எண்ணும்போது 32-க்குக் கீழ 26-ன்னு வந்தா அப்பவே ஃபோன்ல மெசேஜ் போட்டுருவேன். தீவுக்குள்ள சரக்கு எல்லாம் ராமநாதபுரத்துலருந்தும் மதுரையிலருந்தும் பாம்பன் பாலம் தாண்டித்தான் வரணும், காலையில சொன்னா அன்னைக்கு வண்டியில ஏறாது. தினம் எத்தனை போகுதுங்குறத ஊகமா போடாதீங்க, கோடு போட்ட தாளையும் கடன் நோட்டுல போனதையும் ஒரு வாரம் சேர்த்து கூட்டி ஏழால வகுங்க.

ரெண்டாவது கேள்வி நம்ம ஊருக்குன்னே உள்ளது. ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், நாட்டுப்படகு மத்த நாள். விசைப்படகு போறதுக்கு முந்தின நாள் நைட்டு அவங்க கடலுக்கு எடுத்துட்டுப் போற சாமான் கூடுதலா இருக்கணும். அவங்க கரைக்கு வந்து கணக்கு முடிக்குற நாள்ல நம்ம கல்லாவுக்கு 500 நோட்டாத்தான் வரும், எல்லாருக்கும் மீதி குடுக்கணும், அன்னைக்கு 1,500 சில்லறை பத்தாது, நான் 2,500 வைப்பேன், அதுவும் 10, 20, 50-ஆ. காத்து பலமா இருந்து மீன்துறை கடலுக்குப் போக டோக்கன் குடுக்கலன்னா இது எல்லாம் தலைகீழ், பால், ரொட்டிய குறைச்சு சொல்லிருங்க. பாம்பன்ல புயல் கூண்டு ஏத்தியிருந்தா மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பால்பவுடர் பார்த்து வச்சுக்கங்க. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் ரோட்டுல கூட்டம் நெருக்கும், வண்டி லேட்டாகும், அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வாங்கிருங்க.

தடைக்காலத்துலயும் இதே மாதிரி பண்ணணுமா? வியாபாரமே இருக்காதே.

ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு போகாது. அப்போ கேஷ் குறையும், கடன் ஏறும். எண்ண வேண்டியதுல பெருசா மாத்தம் இல்ல, ஆனா நைட்டு நான் மொத்தக் கடன் பாக்கிய ஒரு வரியா எழுதுவேன். நேத்து இருந்தது, கூட்டல் இன்னைக்குக் குடுத்தது, கழித்தல் வசூல். மத்த மாசத்துல வாரத்துக்கு ஒரு தடவ இத எழுதுனா போதும், அந்த 61 நாளும் தினம் எழுதணும். ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான்னு ஏப்ரல் பிறக்கும்போதே பேசிருங்க, மே மாசம் நடுவுல சொன்னா முகத்த முறிக்குற மாதிரி ஆயிரும். பெரிய பாக்கெட்டுக்குப் பதிலா 50 கிராம், 100 கிராம் பாக்கெட்ட ஏத்துங்க, அப்போ கொஞ்சம் கொஞ்சமாத்தான் வாங்குவாங்க.

மழைக்காலத்துல சரக்கு கெட்டுப்போகுது, அடைக்கும்போது என்ன பார்க்கணும்?

கடல் காத்துல எப்பவும் ஈரம்தான், ஐப்பசி கார்த்திகையில கேக்கவே வேண்டாம். மூட்டை தரையிலயும் சுவருலயும் படக்கூடாது, பலகை மேல, சுவருக்கு ஒரு கை இடைவெளி. அடைக்கும்போது சீனி மூட்டை அடியத் தொட்டுப் பாருங்க, பிசுபிசுன்னு இருந்தா அத மொதல்ல வித்துருங்க. அப்பளமும் பொரியும் மூடி போட்ட டின்ல.

சுருக்கமா ஒரு லிஸ்ட் குடுங்களேன், ஷட்டர் பக்கத்துல ஒட்டிக்கிறேன்.

எங்க கடையில ஒட்டியிருக்கறத அப்படியே தர்றேன்:

பாதி ஷட்டர், 200 டப்பா தனியா.
ஈர நோட்டு காஞ்சிருச்சா.
கல்லா எண்ணு, துண்டு அட்டையக் கூட்டு.
ஃபோன் லிஸ்ட், பழைய பாக்கிய கழி.
ஆணிச் சீட்டு நோட்டுல ஏறுச்சா, வீட்டுப் பக்கம் எழுதுனியா.
அஞ்சு ஐட்டம், கோட்டோட பாரு.
பால் ரொட்டி தேதி, பழச முன்னாடி வை.
நாளைக்குப் போட்டு உண்டா, வண்டி உண்டா, மெசேஜ் போட்டாச்சா.
சில்லறைய வை, பெரிய நோட்ட வீட்டுக்கு எடு, காலி கல்லாவத் திறந்தே விடு.
ஃப்ரிட்ஜ் கதவு, கேஸ், பின் வாசல் பூட்டு.

காலி கல்லாவத் திறந்து விடச் சொன்னது ஏன்னா, உள்ள ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா திருட வர்றவன் கல்லாவ உடைக்க மாட்டான். சில்லறைய அரிசி டின்னுக்குப் பின்னாடி வைக்கிறவங்க இருக்காங்க, நான் எங்க வைக்கிறேன்னு இங்க எழுத மாட்டேன்.

ஒரு நாள் காய்ச்சல், இல்ல கல்யாணம், எண்ணாமலே அடைச்சுட்டேன். அந்த நாள் கணக்க எப்படிப் பிடிக்கிறது?

பிடிக்காதீங்க. மறுநாள் காலையில முதல் வியாபாரத்துக்கு முன்னாடி கல்லாவ எண்ணி அந்தத் தொகைய "காலைல இருந்தது"ன்னு எழுதுங்க, அஞ்சு ஐட்டத்தையும் அப்பவே எண்ணி எழுதுங்க. கடன் மட்டும் விடக்கூடாது, சாமான் எடுத்தவங்க பேரு ஞாபகம் இருக்குற வரைக்கும் எழுதிட்டு வீட்டுக்காரங்ககிட்டயும் ஒரு தடவ கேட்டுருங்க. நேத்துப் பக்கத்துல "எண்ணல"ன்னு ஒரு வார்த்தை போட்டு விட்டுருங்க, ஊகத்துல ஒரு நம்பர எழுதுனா அடுத்த வாரம் ஏழால வகுக்கும்போது அது எல்லாத்தையும் கெடுத்துரும்.